சுற்றி வந்த வெப்பத்தின் கணக்கு

கண்டுபிடிப்பாளர் ஒருவர் புது இயந்திரத்துடன் வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 600 கெல்வின் சூட்டில் இருக்கும் கொதிகலனிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் 1,200 ஜூல் வெப்பத்தை அது எடுக்கிறதாம். அதில் 720 ஜூலை வேலையாக மாற்றிவிட்டு, மீதி 480 ஜூலை 300 கெல்வினில் இருக்கும் குளிர்ந்த நீரில் விட்டுவிடுகிறதாம். ஆற்றல் கணக்கில் குறையே இல்லை. 720ஐயும் 480ஐயும் கூட்டினால் 1,200 வருகிறது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட மட்டும் அவர் மறுக்கிறார்.

காட்டவே வேண்டாம். இரண்டு வகுத்தலும் ஒரு கழித்தலும் போதும். வாங்கிய வெப்பத்தை, வாங்கிய இடத்தின் வெப்பநிலையால் வகுத்தால் 1,200/600 = 2. விட்ட வெப்பத்தையும் அப்படியே வகுத்தால் 480/300 = 1.6. இரண்டிலிருந்து 1.6ஐக் கழித்தால் மிச்சம் 0.4. விடை பூஜ்யத்துக்கு மேல் போய்விட்டது. அந்த இயந்திரம் ஓடாது. ஓடுவதாகச் சொன்னால் எங்கோ மறைவாக ஒரு கம்பி போகிறது என்று பொருள்.

இந்தச் சோதனையைத் தந்தவர் ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் ருடால்ஃப் கிளாசியஸ். அடித்தளம் போட்டவர் அவருக்கு முந்தியவரான ஃபிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ. உராய்வே இல்லாத, வெப்பம் எங்கும் வீணாகத் தாவாத ஓர் இலட்சிய இயந்திரத்தை 1824ல் கார்னோ கற்பனை செய்தார். அதன் எந்த அசைவையும் அப்படியே பின்னோக்கி நடத்திவிடலாம். இத்தகைய மீள் இயந்திரத்தை மிஞ்ச எந்த இயந்திரத்தாலும் முடியாது என்றார் அவர். 1832ல் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. வெப்பத்தை அழியாத ஒரு திரவம் போலக் கருதியது அவர் விட்டுச்சென்ற பிழை. 1850ல் அதைத் திருத்திய கிளாசியஸ், முடிவை மட்டும் காப்பாற்றினார்.

மைனஸ் 273 டிகிரி செல்சியஸைப் பூஜ்யமாகக் கொண்ட கெல்வின் அளவில் பார்த்தால் கார்னோவின் இயந்திரம் மிக எளிய ஒரு விதிக்குக் கட்டுப்படுகிறது. வாங்கும் வெப்பமும் விடும் வெப்பமும் அந்தந்த வெப்பநிலைகளின் விகிதத்திலேயே இருக்கும். 600க்கும் 300க்கும் இடையே ஓடினால், 1,200 ஜூல் வாங்கி 600 ஜூல் விட்டே தீரவேண்டும். வாங்கியதைக் கூட்டலாகவும் விட்டதைக் கழித்தலாகவும் எழுதினால் 2 − 2 = 0. பூஜ்யம்.

நிஜ இயந்திரம் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. அது 360 ஜூல் மட்டும் வேலை செய்து, 840 ஜூலைக் கீழே விடுகிறது என்றால் கணக்கு 2 − 2.8 = −0.8. இயந்திரத்தையே எடுத்துவிட்டு ஒரு செம்புக் கம்பியைக் கொதிகலனுக்கும் நீருக்கும் இடையே வைத்தால் வேலை எதுவும் கிடைக்காது. 1,200 ஜூலும் நேராகக் கீழே இறங்கும். அப்போது 2 − 4 = −2. ஆக இலட்சிய இயந்திரத்துக்குப் பூஜ்யம், சுமாரானதற்கு −0.8, வெறும் கம்பிக்கு −2. விடை கீழே போகப் போக, இழந்த வேலை கூடுகிறது. எவ்வளவு என்றும் சொல்லிவிடலாம். 0.8ஐக் குளிர்ந்த நீரின் 300 கெல்வினால் பெருக்கினால் 240 ஜூல். இலட்சிய இயந்திரம் தரும் 600க்கும் இது தந்த 360க்கும் உள்ள வித்தியாசம் சரியாக அதுதான். கம்பியின் 2ஐ 300ஆல் பெருக்கினால் 600. கிடைத்திருக்க வேண்டிய வேலை முழுவதும் போயிற்று.

இரண்டு வெப்பநிலைகளோடு நிற்கும் இயந்திரத்துக்கு இது சரி. ஆனால் சுற்று முழுவதும் வெப்பநிலை மாறிக்கொண்டே இருந்தால்? அதற்கும் விதி ஒன்றே. சுற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் நுழையும் வெப்பத்தை அங்குள்ள வெப்பநிலையால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால், மொத்தம் ஒருபோதும் பூஜ்யத்தைத் தாண்டாது. சுருக்கமாக எழுதினால்:

∮ dQ/T ≤ 0

இதற்கான நிரூபணம் ஒரு தந்திரத்தில் அடங்கியிருக்கிறது. பரிசோதிக்க வேண்டிய இயந்திரம் எங்கெல்லாம் வெப்பம் வாங்குகிறதோ, அங்கெல்லாம் ஒரு குட்டிக் கார்னோ இயந்திரத்தை வைக்க வேண்டும். எல்லாக் குட்டி இயந்திரங்களும் 300 கெல்வினில் உள்ள ஒரே பெரிய ஏரியிலிருந்து வெப்பம் எடுக்கின்றன. T வெப்பநிலையில் dQ வெப்பத்தைக் கொடுக்க, கார்னோ விகிதப்படி அது ஏரியிலிருந்து 300 × dQ/T எடுத்தாக வேண்டும். பெரிய இயந்திரம் வெப்பத்தை வெளிவிடும் இடங்களில் குட்டி இயந்திரம் எதிர்த் திசையில் ஓடும்.

ஒரு சுற்று முடிந்ததும் பெரிய இயந்திரமும் குட்டிகளும் பழைய நிலைக்கே வந்துவிட்டன. மாறியது ஏரி மட்டும்தான். அது இழந்த வெப்பம், மேற்சொன்ன கூட்டுத்தொகையை 300ஆல் பெருக்கினால் வருவது. அந்த வெப்பம் வேறெங்கும் போக வழியில்லாததால் முழுவதும் வேலையாகியிருக்க வேண்டும். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு மேல் என்றால், ஒரே ஏரியின் வெப்பத்தை மட்டும் உறிஞ்சி, வேறு எந்த மாற்றமும் இல்லாமல் வேலை வாங்கிவிட்டோம் என்று ஆகும். அப்படி முடியுமானால் நிலக்கரியோ எண்ணெயோ இல்லாமல், கடலின் சூட்டிலேயே கப்பல் ஓட்டலாம். அது நடக்காது என்பதையே 1851ல் கெல்வின் இரண்டாம் விதியாகச் சொன்னார். நம் கண்டுபிடிப்பாளரின் 0.4ஐ 300ஆல் பெருக்கினால் 120 ஜூல் வருகிறது. இலட்சிய இயந்திரத்தின் 600க்கு மேல் அவர் உரிமை கோரிய 120 அதுவே.

சுற்று மீள் வகையாக இருந்தால் இன்னொரு படி மேலே போகலாம். அதைத் திருப்பி ஓட்டினால் எல்லாக் குறிகளும் மாறிவிடும். முன்னோக்கி ஓடும்போதும் பூஜ்யத்தைத் தாண்டக் கூடாது, பின்னோக்கி ஓடும்போதும் தாண்டக் கூடாது என்றால் விடை பூஜ்யமாக மட்டுமே இருக்க முடியும். இந்தப் பூஜ்யத்திலிருந்துதான் புதையல் கிடைக்கிறது.

மலையேறுகிறவர் எந்தப் பாதையில் ஏறி எந்தப் பாதையில் இறங்கினாலும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். அதனால்தான் மலையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ‘உயரம்’ என்று ஓர் எண்ணைச் சொல்ல முடிகிறது. நடந்த தூரத்துக்கு அந்தப் பெருமை இல்லை. அது பாதைக்குப் பாதை மாறும். வெப்பம் நடந்த தூரத்தைப் போன்றது. வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்துக் கூட்டியதோ உயரத்தைப் போன்றது.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஹீலியம் போன்ற ஒரு வாயுவை ஒரு மோல் எடுத்துக்கொண்டு, இலட்சிய வாயுவாகக் கருதி, 300 கெல்வினில் அதன் கொள்ளளவை இரு மடங்காக்க வேண்டும். முதல் வழி, வெப்பநிலை மாறாமல் பிஸ்டனை மெல்ல மெல்ல வெளியே விடுவது. இதற்கு 1,729 ஜூல் வெப்பம் வேண்டும். 300ஆல் வகுத்தால் 5.76. இரண்டாம் வழி, அழுத்தம் மாறாமல் 600 கெல்வின் வரை சூடாக்கிக் கொள்ளளவை இரு மடங்காக்கி, பிறகு பிஸ்டனைப் பூட்டிவிட்டு 300க்கே குளிர்விப்பது. முதல் கட்டத்தில் 6,236 ஜூல் உள்ளே போகிறது, இரண்டாவதில் 3,741 ஜூல் வெளியே வருகிறது. நிகரமாக உள்ளே போனது 2,494 ஜூல், ஏறக்குறைய. முதல் வழியின் 1,729க்கும் இதற்கும் பொருத்தமே இல்லை. ஆனால் ஒவ்வொரு சிறு துண்டையும் அந்தந்த நேரத்து வெப்பநிலையால் வகுத்துக் கூட்டினால் 14.41 உள்ளே, 8.64 வெளியே. மிச்சம்? அதே 5.76தான், தசமத்தில் வரும் சிறு வித்தியாசத்தை விட்டுவிட்டால்.

மெல்லவும் மீள் முறையிலும் செல்லும் எந்த மூன்றாவது பாதையும் இதே எண்ணைத்தான் தரும். எனவே 5.76 என்பது பாதைக்குச் சொந்தமல்ல. தொடக்க நிலைக்கும் இறுதி நிலைக்கும் சொந்தம். நிலையை மட்டும் சார்ந்த இந்த அளவைத்தான் என்ட்ரோபி என்கிறார்கள். அலகு, கெல்வினுக்கு இத்தனை ஜூல்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. அதே வாயுவை ஒரு பாத்திரத்தில் அடைத்து, பக்கத்தில் வெற்றிடமான இன்னொரு பாத்திரத்தை இணைத்துக் குழாயைத் திறந்தால், வாயு தானே பாய்ந்து இரு மடங்கு இடத்தை நிரப்பும். 1845ல் ஜேம்ஸ் ஜூல் செய்து பார்த்த சோதனை இது. இலட்சிய வாயுவானால் வெப்பம் துளியும் உள்ளே போவதில்லை, வெப்பநிலையும் மாறாது. வெப்பம் பூஜ்யம் என்றால் என்ட்ரோபி மாற்றமும் பூஜ்யம்தானே?

இல்லை. வாயு வந்து சேர்ந்த நிலை மேலே பார்த்த இறுதி நிலையேதான். ஆகவே என்ட்ரோபி 5.76 கூடியே இருக்கிறது. வெப்பத்தை வகுத்து என்ட்ரோபியைக் கண்டுபிடிக்கும் உரிமை மீள் பாதைக்கு மட்டுமே உண்டு. வந்த பாதை மீளாதது என்றால் அதை மறந்துவிட்டு, அதே இரு முனைகளையும் இணைக்கும் ஒரு மீள் பாதையைக் கற்பனை செய்து அதில் கணக்கிட வேண்டும். சரிபார்க்க ஒரு சுற்று முடித்துப் பார்க்கலாம். பாய்ந்த வாயுவை மெல்ல அமுக்கிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் 1,729 ஜூல் வெளியேறும். சுற்றின் கணக்கு, போகும்போது 0, வரும்போது −5.76. மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே, கிளாசியஸ் சொன்னபடியே. பற்றாக்குறையாகத் தெரியும் அந்த 5.76தான் குழாய் திறந்த கணத்தில் புதிதாய்ப் பிறந்த என்ட்ரோபி.

இன்னொரு வழுக்கல், எந்த வெப்பநிலையால் வகுப்பது என்பது. சமனிலியில் வரும் T வெப்பத்தைக் கொடுக்கும் அல்லது வாங்கும் மூலத்தின் வெப்பநிலை, வாயுவினுடையது அல்ல. மீள் மாற்றத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் குழப்பம் தெரியாது. கொந்தளித்துப் பாயும் வாயுவுக்கு ஒரே வெப்பநிலை என்று ஒன்று இருப்பதே இல்லை, மூலத்துக்கு இருக்கிறது. வெளியிலிருந்து வெப்பமே வாங்காத பொருளுக்கு இந்த விதி சொல்லும் செய்தி எளியது: அதன் என்ட்ரோபி கூடலாம், அப்படியே நிற்கலாம், குறையாது. வெப்பத்தை வெளியே தள்ளும் பொருளுக்குக் குறையலாம். ஃபிரிட்ஜில் உறையும் தண்ணீர் அப்படித்தான். ஆனால் ஃபிரிட்ஜின் பின்புறம் சமையலறைக்குக் கொட்டும் என்ட்ரோபி அதைவிட அதிகம்.

சுற்றின் கணக்கை 1854லேயே வெளியிட்ட கிளாசியஸ், அந்த அளவுக்குப் பெயர் வைக்க 11 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 1865ல் ஜூரிச்சில் இருந்தபடி, மாற்றம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘என்ட்ரோபி’யை உருவாக்கினார். ‘எனர்ஜி’யோடு ஒலியில் ஒத்துப்போக வேண்டும் என்றே அப்படிச் செய்தார். அதே கட்டுரையின் முடிவில் பிரபஞ்சத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினார்: ஆற்றல் மாறுவதில்லை, என்ட்ரோபி உச்சத்தை நோக்கியே போகிறது. கண்டுபிடிப்பாளரின் இயந்திரம் முதல் வரியில் தேறிவிட்டது. இரண்டாவதில் 0.4ல் தோற்றது.