கிணற்றுக்கு எத்தனை நாளில் வரும்?

செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் நடுவே எத்தனை அடி விட வேண்டும் என்று வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மேஸ்திரி ஒரு கணக்குச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்று சொல்வார். அடிக்கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது. டேங்கிலிருந்து கசிந்த நீர் மணலுக்குள் எத்தனை நாள் நடந்து கிணற்றைச் சேர்கிறது என்பதுதான் தெரிய வேண்டும். அதைக் கணக்கிடும் விதியை ஆன்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1856-லேயே எழுதி வைத்துவிட்டார். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

டார்சி டிஜோன் நகரத்துக்காரர். 1840-ல் ரோஸ்வார் ஊற்றின் நீரைப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டி ஊருக்குக் கொண்டுவந்தவர். பிற்காலத்தில் அவருக்கு வேறொரு கேள்வி எழுந்தது. குடிநீரை மணலில் வடிகட்டினால், எவ்வளவு மணலுக்கு எவ்வளவு நீர் இறங்கும்? ஊர் மருத்துவமனையில் 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாயை நிமிர்த்தி வைத்து, அதில் சோன் ஆற்று மணலை நிரப்பி நீர் விட்டார். மருத்துவமனைக் குழாய்களை யாராவது திறந்து மூடும்போதெல்லாம் அழுத்தமானியில் பாதரசம் ஆடியது. அதனால் ஒவ்வொரு சோதனையிலும் சராசரி அழுத்தத்தையே குறித்துக்கொண்டார்.

முதல் வரிசைச் சோதனைகளில் மணலின் உயரம் 58 சென்டிமீட்டர். மேலுக்கும் கீழுக்கும் நீர்மட்ட வித்தியாசம் 1.11 மீட்டர் இருந்தபோது நிமிடத்துக்கு 3.6 லிட்டர் இறங்கியது. வித்தியாசத்தை 2.36 மீட்டராக ஏற்றியதும் 7.65 லிட்டர். வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஏறத்தாழ 2.13 மடங்குதான் ஏறியிருக்கின்றன. தள்ளும் உயரம் எத்தனை மடங்கோ, நீரும் அத்தனை மடங்கு. மணலை உயரமாக நிரப்பினால் அதே விகிதத்தில் நீர் குறைந்தது. டார்சியின் விதி இவ்வளவுதான்:

Q = K × A × (h ÷ L)

Q என்பது ஒரு நாளில் கடக்கும் நீர். A நீர் கடக்கும் குறுக்குப் பரப்பு. h இரு முனைகளின் நீர்மட்ட வித்தியாசம், L அவற்றுக்கு இடையே உள்ள தூரம். h-ஐ L-ஆல் வகுத்தால் சரிவு கிடைக்கும். K அந்த மணலின் குணம், அதாவது நீரை எவ்வளவு தாராளமாக விடுகிறது என்பது.

K-ஐ டார்சியின் எண்களிலிருந்தே எடுத்துவிடலாம். ஒரு சோதனையில் 4 மீட்டர் வித்தியாசத்துக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர் வந்தது. ஒரு நாளைக்கு 17.28 கன மீட்டர். குழாயின் குறுக்குப் பரப்பு 0.0962 சதுர மீட்டர். வகுத்தால் ஏறத்தாழ 180. சரிவு, 4-ஐ 0.58-ஆல் வகுக்க 6.9. அந்த 180-ஐ 6.9-ஆல் வகுத்தால் 26. ஆக அந்த ஆற்று மணலின் K நாளுக்கு 26 மீட்டர். நம் கணக்குக்கு 25 என்று வைத்துக்கொள்வோம்.

இனி ஊருக்கு வருவோம். இது கடலோர மணல் பகுதிக்கும் ஆற்றங்கரைக்கும் பொருந்தும் கணக்கு. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கீழே கடினப் பாறை. பாறை வெடிப்பில் நீர் ஓடுவது வேறு கதை, அங்கே இந்த எண்களை வைத்து யாரும் தைரியம் கொள்ளக் கூடாது.

ஒரு மணல் பூமியில் 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு கிணறுகள் என்று கொள்வோம். மேற்குக் கிணற்றில் டேப்பை விட்டால் விளிம்பிலிருந்து 6.20 மீட்டரில் நீர். கிழக்குக் கிணற்றில் 5.90 மீட்டர். மேற்கில் ஆழமாக இருக்கிறது, ஆகவே நீர் மேற்கே போகிறது என்று அவசரப்பட்டால் திசையே தலைகீழாகிவிடும். இரண்டு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். லெவல் வைத்துப் பார்த்ததில் மேற்குக் கிணற்றின் விளிம்பு 70 சென்டிமீட்டர் உயரம் என்று வருகிறது. அப்படியானால் மேற்குக் கிணற்று நீர்தான் 40 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீர் கிழக்கே நடக்கிறது. சரிவு 0.40-ஐ 100-ஆல் வகுக்க 0.004. நிலத்தடியில் சரிவுகள் பெரும்பாலும் இப்படி ஆயிரத்தில் சில பங்குதான். டார்சி குழாயில் வைத்ததைப் போன்ற செங்குத்தான சரிவு தரைக்கடியில் இருக்காது. இரண்டு கிணறுகள் அந்த ஒரு கோட்டின் சரிவை மட்டுமே சொல்லும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உண்மையான திசை தெரிய மூன்றாவது கிணறு ஒன்று வேண்டும்.

K-ஐ சரிவால் பெருக்குங்கள்: 25 × 0.004 = 0.1. நாளுக்கு 0.1 மீட்டர். கிழக்குக் கிணற்றிலிருந்து 30 மீட்டர் மேற்கே, ஏறத்தாழ நூறு அடியில், ஒரு செப்டிக் டேங்க் இருந்தால் அங்கிருந்து நீர் வந்துசேர 300 நாள் என்று தோன்றும். படித்தவர்களே தவறும் இடம் இதுதான்.

அந்த 0.1 நீரின் வேகம் இல்லை. ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்பை நாளொன்றுக்கு 0.1 கன மீட்டர் நீர் கடக்கிறது என்பதே அதன் பொருள். ஆனால் அந்தச் சதுர மீட்டரில் பெரும்பங்கு மணல்தானே? நீர் மணற்பருக்கையைத் துளைத்துப் போகாது, இடுக்குகளில்தான் போகும். உலர்ந்த மணலை வாளியில் நிரப்பி நீர் ஊற்றிப் பாருங்கள். பத்து லிட்டர் மணல் மூன்றரை லிட்டர் அளவுக்குக் குடிக்கும். தரைக்கடியில் மணல் இன்னும் நெருங்கியிருக்கும், பருக்கையோடு ஒட்டிய நீர் அசையாது. அதனால் நீர் ஓடும் இடம் கால் பங்கு என்று எடுப்பது நியாயமான மதிப்பு. இடம் கால் பங்கானால், அதே அளவு நீர் கடக்க நான்கு மடங்கு வேகத்தில் நடக்க வேண்டும். 0.1-ஐ 0.25-ஆல் வகுக்க 0.4. நாளுக்கு 40 சென்டிமீட்டர். முப்பது மீட்டருக்கு 75 நாள். நான்கில் மூன்று பங்கு அவகாசம் காகிதத்திலேயே காணாமல் போகிறது.

இந்த 75 நாளை எதோடு ஒப்பிடுவது? ஜெர்மனியில் குடிநீர்க் கிணறுகளின் உள் பாதுகாப்பு வளையத்தை நிலத்தடி நீர் 50 நாளில் கடக்கும் தூரத்தைக் கொண்டு வரைகிறார்கள். அதற்குள் பெரும்பாலான நோய்க்கிருமிகள் மணலில் மடிந்துவிடும் என்பது கணக்கு. நைட்ரேட் போன்றவை மடிவதில்லை என்பதால் இது கிருமிக்கான அளவுகோல் மட்டும். அந்த அளவில் நம் கிணறு தப்பிக்கிறது.

மோட்டார் போடாத வரைக்கும்தான். இயல்பான சரிவில் டேங்குக்கும் கிணற்றுக்கும் இடையே நீர்மட்ட வித்தியாசம் 12 சென்டிமீட்டர். மோட்டார் ஓட ஓடக் கிணற்று மட்டம் இறங்கும். நாள் முழுக்க இறைத்து அந்த வித்தியாசம் 60 சென்டிமீட்டராக நிலைத்தால் சரிவு ஐந்து மடங்கு, வேகமும் ஐந்து மடங்கு. 75 நாள் 15 நாளாகிவிடும். தூரம் ஓரடிகூட மாறவில்லை. இதிலும் K ஒரே சீராக இருப்பதாகத்தான் கொண்டோம். இடையில் பருமணல் பட்டை ஒன்று ஓடினால் அதன் வழியே நீர் முந்திக்கொள்ளும், களிமண் அடுக்கு குறுக்கிட்டால் தேங்கும். ஆகவே கிடைத்த நாட்களைச் சராசரியாகக் கொண்டு, முதல் துளி அதற்கும் முன்பே வரும் என்று எண்ணுவதே பத்திரம்.

மணல் பூமியில் மனை வாங்குகிறவர்கள் டேங்குக்குக் குழி தோண்டும் முன் சுற்றியுள்ள மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை, விளிம்பு வித்தியாசத்தைச் சரிசெய்து, அளக்கச் சொல்ல வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. தெருவில் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் ஒருமுறை அளந்தால் இன்னும் நல்லது. எத்தனை அடி என்று சொல்கிறவரிடம் எத்தனை நாள் என்று கேளுங்கள், கால் பங்கால் வகுத்தாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.