காலனி ஓட்டத்தில் கப் யாருக்கு?

குடியிருப்பில் ஆண்டு விழா வந்தால் இப்போதெல்லாம் கோலப் போட்டியோடு ஓட்டமும் வைக்கிறார்கள். ஓடுவது சுலபம், "நான்தானே முன்னாடி வந்தேன்?" என்று பின்னால் வரும் சண்டையைத் தீர்ப்பதுதான் கஷ்டம். பெயர் பதியும் நாளிலேயே கொஞ்சம் கவனம் வைத்தால் அது வராது.

பதியும்போது வயதைக் கேட்காதீர்கள், பிறந்த தேதியைக் கேளுங்கள். ஓட்டம் நடக்கும் நாளில் யாருக்கு என்ன வயது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பிரியுங்கள். எண்களையும் பிரிவுப்படி கொடுங்கள். குழந்தைகளுக்கு 101 முதல், 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 201 முதல், 40க்கு மேற்பட்ட பெண்களுக்கு 301 முதல், ஆண்களுக்கு 401, 501 என்று வைத்தால், முதல் இலக்கத்தைப் பார்த்ததுமே பிரிவு தெரிந்துவிடும். நம்பர் அட்டையை நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி மார்பில் மாட்ட வேண்டும். முதுகில் மாட்டினால் முடிவுக் கோட்டில் நிற்பவருக்குத் தெரியாது. துப்பட்டாவோ முந்தானையோ மறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா நம்பரைத் தங்கை மாட்டிக்கொண்டு ஓடினால் பரிசு வேறு பிரிவுக்குப் போய்விடும். மாற்றிக்கொள்ளக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

முடிவுக் கோட்டில் ஒருவரே நேரமும் நம்பரும் எழுத முடியாது. நாலு பேர் சேர்ந்து வந்தால் திணறிப் போவார். ஒருவர் கோட்டருகே நின்று, ஒவ்வொருவர் தாண்டும்போதும் நேரத்தை மட்டும் வரிசையாகக் குறிக்கட்டும். கோட்டுக்கு அப்பால் ஒருவர் மட்டுமே போகிற அகலத்தில் இரண்டு பக்கமும் கயிறு கட்டுங்கள். அந்த வழியின் கடைசியில் இன்னொருவர் நம்பர்களை வந்த வரிசையிலேயே எழுதட்டும். கயிற்றுக்குள் யாரும் யாரையும் முந்தக் கூடாது. பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இன்னாருக்கு இன்ன நேரம் என்று வந்துவிடும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. நேரத் தாளில் 47 வரி, நம்பர் தாளில் 46 வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் குழந்தை அழுததென்று கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும், முன்னால் போனவரின் நேரம் வந்துவிடும்! இதற்கு ஒரு வழி: நேரம் எழுதுபவர் ஒவ்வொரு பத்தாவது ஆளுக்கும் நம்பரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 10, 20 இரண்டும் இரு தாளிலும் பொருந்துகின்றன. 30வதாகக் குறித்த 312 மட்டும் நம்பர் தாளில் 29வது வரியில் இருக்கிறது. அப்படியானால் விட்டுப்போனவர் 20க்கும் 30க்கும் நடுவில்தான் வந்திருக்கிறார். அந்தப் பத்துப் பேரை மட்டும் "உங்களுக்கு முன்னால் யார் வந்தார்?" என்று விசாரித்தால் போதும்.

இதைச் சரிபார்த்த பிறகுதான் பிரிவுவாரியாகப் பிரிக்க வேண்டும். 301லிருந்து தொடங்கும் நம்பர்களில் தாளில் முதலில் இருப்பவருக்கே நாற்பதைத் தாண்டிய பெண்களின் கப். அதுவரை பரிசு மேஜைப் பக்கம் யாரையும் விடாதீர்கள்!