முதலில் ஹமர் சுவிட்சை நிறுத்துங்கள்

பாத்ரூமில் டவல் ரேக் பூட்டும்போது டைல் வெடித்துவிட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மட்டமான டைல்ஸ்." இதை நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, ட்ரில்லை ஹமரில் போட்டு அடித்தது. மற்றது, பிளக்கை டைலுக்குள்ளேயே விட்டு ஸ்குரூவை முறுக்கியது. இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கொங்கிரீட்டில் வேலை செய்து பழகிய மேசன் பாஸ்மாருக்கு ட்ரில் என்றாலே ஹமர்தான். கொங்கிரீட்டை உடைத்துத்தான் துளைக்க வேண்டும். டைலின் கண்ணாடிப் பூச்சையோ தேய்த்துத்தான் துளைக்க வேண்டும், இடித்தால் விரிசல் ஓடும்.

பிட் வாங்குவதற்கு முன் மிஞ்சிய டைல் துண்டு ஒன்றைத் தேடி எடுங்கள். அதன் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் சாதாரண செராமிக் சுவர் டைல். அதற்கு ஈட்டி முனை போன்ற டைல் பிட் போதும். சொட்டு அப்படியே நின்றால் போர்சலின். அதில் ஈட்டி முனை கீச்சிட்டுக்கொண்டு சுற்றும், தூள் வராது, நுனி கறுத்துவிடும். அதற்குக் குழாய் போல நடு வெறுமையான டயமண்ட் பிட் வேண்டும். சற்றுச் சரித்துத் தொடங்கி, பிறை வடிவில் ஒரு தடம் விழுந்ததும் மெதுவாக நிமிர்த்த வேண்டும். ஈரப் பஞ்சால் அடிக்கடி தொட்டுக் குளிர வையுங்கள். கரண்டில் ஓடும் ட்ரில் என்பதால் தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

இடத்தையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ஒரு நாணயத்தால் டைலைத் தட்டுங்கள். டொக்கு டொக்கென்று வெற்றோசை வந்தால் பின்னால் சாந்து இல்லை. நடுவில் மட்டும் சாந்தை அப்பி ஒட்டிய டைல்களில் மூலைகள் இப்படித்தான் இருக்கும், அழுத்தியதும் வெடிக்கும். டைலின் ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி நில்லுங்கள். டைல் இடைவெளிக் கோட்டில் துளைத்தால் பாதுகாப்பு என்பார்கள். இப்போதைய கோடு இரண்டு மில்லிமீற்றர், பிட் ஆறு, இரண்டு டைலின் விளிம்பும் சேர்ந்து உடையும். வுழூ செய்யும் பைப்புக்கும் சுடுதண்ணீர் ஹீட்டருக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளைக்கவே வேண்டாம். எங்கள் பெரகல குளிருக்கு ஹீட்டர் இல்லாத புது வீடு குறைவு, வயர் சுவருக்குள்ளேதான் ஓடும்.

மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் அடையாளமிட்டு, ஹமரை நிறுத்தி, மிக மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். வெள்ளைத் தூள் சாம்பல் நிறமாக மாறும்போது டைலைத் தாண்டப் போகிறீர்கள். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பின்பக்கம் பெயர்வது அப்போதுதான். தாண்டியதும் சாதாரண சுவர் பிட்டுக்கு மாறுங்கள். செங்கல்லுக்கும் புளொக் கல்லுக்கும் அங்கேயும் ஹமர் தேவையில்லை. கொங்கிரீட் தூண் அகப்பட்டால் மட்டும் போடலாம்.

இனி பிளக். 1911 இல் இங்கிலாந்தில் ரோலிங்ஸ் என்பவர் சணல் நாரால் செய்தார், 1958 இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் நைலோனில் செய்தார். ஸ்குரூ உள்ளே போகும்போது பிளக் பக்கவாட்டில் விரிந்து சுவரை இறுக்கிப் பிடிக்கும், வேலை அவ்வளவுதான். அந்த விரிவு டைலுக்குள் நடந்தால் டைல் என்ன செய்யும்? சில நேரம் அப்போதே வெடிக்கும், சில நேரம் சில நாள் கழித்து, யாரும் தொடாத வேளையில்.

ஒரு சுவரைக் கணக்குப் பார்ப்போம். டைல் 8 மில்லிமீற்றர், ஒட்டிய சாந்து 10, பூச்சு 15. கல் வருவதற்கே 33 ஆகிறது. 30 மில்லிமீற்றர் பிளக்கை டைல் மட்டத்தோடு விட்டால் அது கல்லைத் தொடவே இல்லை. பழைய ஸ்குரூ ஒன்றால் மெல்லத் தட்டி, பிளக்கின் வாய் மேற்பரப்பிலிருந்து 10 மில்லிமீற்றர் உள்ளே போகும்வரை இறக்குங்கள். இப்போது அது 10 இலிருந்து 40 வரை நிற்கிறது. ரேக்கின் தட்டு 3 என்றால் 50 மில்லிமீற்றர் ஸ்குரூ 47 வரை போகும், ஆகவே துளை 55 ஆழம் இருக்கட்டும். பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 6 மில்லிமீற்றர் பிளக்குக்கு 8ஆம் நம்பர் ஸ்குரூ. கடைசிச் சுற்றை ட்ரில்லால் அல்ல, கையால் முறுக்குங்கள். பிளக் துளைக்குள் சும்மா சுற்றினால் புளொக்கின் வெற்றறையில் விழுந்திருக்கிறீர்கள். அங்கே பின்னால் மடிந்து முடிச்சாகும் வகைப் பிளக்கும் அதற்கேற்ற நீள ஸ்குரூவும்தான் பிடிக்கும்.

ரேக்கோடு பெட்டியில் வரும் ஸ்குரூக்களை நாங்கள் நம்புவதில்லை. பல 35 மில்லிமீற்றர்தான், இந்தக் கணக்குக்கு எட்டாது. எங்கள் பனிக்கும் ஈரத்துக்கும் துருவும் பிடித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். முறுக்குவதற்கு முன் துளை வாயில் சிறிது சிலிக்கன் வைத்தால் டைலுக்குப் பின்னால் தண்ணீர் இறங்காது.