விருப்பத்தைக் கேட்காதீங்கோ, வேலையைக் கேளுங்கோ

இரண்டாம் வருஷ விடுமுறைக்கு இன்டர்ன்ஷிப் தேடுகிற கலைப்பீடக்காரரிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "உங்களுக்கு எந்தத் துறையில விருப்பம்?" எங்களுக்குத் தெரியாது. புவியியலும் சமூகவியலும் பொருளியலும் கலந்து படிக்கிற எங்களுக்கு ஒரு வங்கியோ பத்திரிகையோ அரசசார்பற்ற நிறுவனமோ உள்ளே எப்படி இயங்குகிறது என்று எப்படித் தெரியும்? செய்து பாராத வேலையில் விருப்பம் வராது. வந்தாலும் அது அந்த வேலையின் பெயரில் வந்த விருப்பம்தான்.

பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறவருக்கு அடுத்த ஆலோசனை தயாராக இருக்கும்: "அப்ப பாங்குக்குப் போங்கோ, சிவியில பேர் நல்லாயிருக்கும்." இதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். வங்கி வேலை கூடாது என்பதற்காக இல்லை. விருப்பம் தெளிவில்லாதவருக்கு முதல் இன்டர்ன்ஷிப் ஒரு பரிசோதனை. முடிவில் ஒன்றும் தெரியவராத பரிசோதனையால் என்ன பயன்?

வங்கிக் கிளை ஒன்றில் ஆறு கிழமை இருக்கிற பயிலுநர் பெரும்பாலும் கணக்குத் திறக்கும் படிவங்களை ஒழுங்குபடுத்துவார், வவுச்சர் அடுக்குவார், ஃபோட்டோகொப்பி எடுப்பார். வாடிக்கையாளரின் பணமும் தகவலும் சம்பந்தப்பட்டபடியால் கணினி முறைமைக்குள் அவரை விடமாட்டார்கள். கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதுதான் அங்கே முக்கியமான வேலை, அது அவர் கைக்கு வராது. "பாங்க் எனக்குச் சரிவராது" என்று அவர் வெளியே வந்தால், உண்மையில் சரிவராமல் போனது ஃபைல் அடுக்குவது மட்டும்தான். வங்கித் தொழிலைப் பற்றி அவருக்கு முன்னரும் தெரியாது, இப்பவும் தெரியாது.

ஆகவே துறையைத் தெரிவதற்கு முதல் ஒரு ஃபோன் எடுத்து இதைக் கேளுங்கோ: "போன முறை வந்த பயிலுநர் கடைசிக் கிழமையில என்ன செய்தவர்?" முதற்கிழமையைக் கேட்டுப் பயனில்லை, எல்லா இடத்திலும் முதற்கிழமை அறிமுகத்தோடு போய்விடும். கடைசிக் கிழமையிலும் ஃபைல்தான் என்றால் அந்த இடம் எதையும் சொல்லித்தராது. அந்த இடத்தின் சொந்த வேலையில் ஒரு துண்டாவது அவர் கையால் நடந்திருந்தால், அதைத் திருத்தித் தர ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், அங்கே போகலாம்.

எங்கள் பச்சில் ஒருத்திக்கு மூன்று வாய்ப்பு இருந்தது: வங்கி, பிராந்தியப் பத்திரிகை, வீட்டு மட்டக் கணக்கெடுப்பு நடத்துகிற ஒரு நிறுவனம். மூன்றிடமும் இதே கேள்வியைக் கேட்டாள். வங்கியில் "ஃபைல் வேலை" என்றார்கள். பத்திரிகையில் "வாற அறிக்கைகளை டைப் பண்ணினவர்" என்றார்கள். நிறுவனத்தில் சொன்னது வேறு: ஒரு கிழமை வினாக்கொத்துப் பயிற்சி, இரண்டு கிழமை கணக்கெடுப்பாளர்களோடு வீடு வீடாக, பிறகு வந்த தரவைச் சரிபார்ப்பது. பெயர் தெரியாத நிறுவனம்தான், ஆனால் அங்கேயே போனாள்.

வீடு வீடாகப் போய்ப் பேசுவது தனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு போனவள் மூன்றாம் நாளே களைத்துப்போனாள். சரிபார்க்கத் தொடங்கியபோதுதான் நேரம் போவது தெரியவில்லை. அங்கத்தவர் ஐந்து பேர் என்று பதிந்த வீட்டில் நாலு பேரின் வயது மட்டும் இருக்கும். ஒரே கணக்கெடுப்பாளர் கொண்டுவந்த பன்னிரண்டு படிவத்திலும் வருமானம் ஒரே தொகையாக இருக்கும். ஏன் என்று தேடி, திரும்ப ஃபோன் பண்ணிக் கேட்டுத் திருத்த வேணும். மூன்றாம் வருஷத்தில் புள்ளிவிபரமும் புவியியல் தகவல் முறைமையும் எடுக்கலாம் என்று அவள் முடிவெடுத்தது இதிலிருந்துதான். கவனியுங்கோ, ஒரே இடத்தில் ஒரு வேலை பிடிக்காமலும் இன்னொன்று பிடித்தும் போனது. "துறை" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் இது தெரிந்திராது.

இதனால்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டு வரி எழுதச் சொல்கிறோம்: எந்த வேலையைத் தள்ளிப்போட்டேன், எந்த வேலையை யாரும் சொல்லாமலே செய்தேன். மேலதிகாரியின் குணமும் பஸ் பயணக் களைப்பும் வேலையின் மேலான வெறுப்பு மாதிரித் தெரியும். பல கிழமைக் குறிப்பைச் சேர்த்து வாசித்தால்தான் அவற்றைப் பிரித்தறியலாம்.

பஸ் காசுக்கே கஷ்டப்படுகிறவர் சம்பளம் தருகிற இடத்தைத்தான் பார்க்க வேணும், அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. அவருக்கும் அந்த ஃபோன் கேள்வி உதவும்.

துறைத் தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பயிற்சிக்கு அனுப்பும் கடிதத்தில் "தகுந்த பயிற்சி வழங்கவும்" என்று எழுதுவதை விட்டுவிட்டு, பயிலுநர் செய்யப்போகிற வேலை என்னவென்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கோ. போய்வந்த ஒவ்வொருவரும் உண்மையில் செய்ததை ஒரு பக்கத்தில் எழுதி ஃபைலில் போடட்டும். அடுத்த பச் எங்களிடம் "எந்தத் துறை நல்லது?" என்று கேட்டால், அந்த ஃபைலைத்தான் நீட்டுவோம்.