திரிபோஷா சர்ச்சையில் பேசப்படாத களஞ்சியம்

2022 செப்டெம்பரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சங்கத் தலைவர் உபுல் ரோஹண, திரிபோஷாவில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு இருப்பதாகச் சொன்னார். சுகாதார அமைச்சு மறுத்தது. அப்புத்தளைத் தோட்டங்களில் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கப்படும் மா அது. சர்ச்சை முழுவதும் பொதியைப் பற்றியே நடந்தது. நஞ்சு உருவாகும் இடமோ அதற்கு வெகு முன்னால் இருக்கிறது.

திரிபோஷாவின் பிரதான மூலப்பொருள் சோளம். சோளத்திலும் கச்சானிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணமே இந்த நஞ்சைச் சுரக்கிறது. அதற்கு 30 பாகை அளவு வெப்பமும் ஈரமும் வேண்டும். அப்புத்தளைக் குளிரில் அது மெதுவாகத்தான் வளரும். மொனராகலை, மகியங்கனைப் பக்கத்து வெக்கையில், சரியாகக் காயாத சோளத்தைச் சாக்கில் கட்டினால் சில நாட்களே போதும். ஒருமுறை சேர்ந்த நஞ்சு மலைக்கு வந்ததும் மறைந்துவிடாது. அவித்தாலும் வறுத்தாலும் முழுவதும் அழியாது.

அது ஈரல் கலங்களின் மரபணுவைச் சிதைக்கிறது. சீனாவின் ஷங்காய் நகரில் நடந்த ஆய்வில், இந்த நஞ்சு மட்டும் உடலில் சேர்ந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து சுமார் 3 மடங்காக இருந்தது. ஹெபடைடிஸ் பி தொற்றும் சேர்ந்தவர்களுக்கு அது 60 மடங்கு அளவுக்கு ஏறியது. எங்கள் நாட்டில் அந்தத் தொற்று குறைவு என்பது ஆறுதல்தான், ஆனால் 3 மடங்கு சின்ன விஷயமல்ல.

களஞ்சியத்தைத் திருத்தினால் பலன் உண்டா? மேற்கு ஆபிரிக்காவின் கினியாவில் 20 கிராமங்களில் பார்த்தார்கள். முடிவு 2005இல் வெளியானது. பாதிக் கிராமங்களில் கச்சானை வெறுந்தரையில் போடாமல் பாயில் காயவைத்தார்கள், பூஞ்சணம் பிடித்ததைக் கையால் பொறுக்கி எறிந்தார்கள், சணல் சாக்கில் கட்டி மரச்சட்டத்தின் மேல் வைத்தார்கள். ஐந்து மாதங்களில் அந்த மக்களின் இரத்தத்தில் நஞ்சின் தடயம் மற்றக் கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் குறைவு.

முல்லைத்தீவில், கிளிநொச்சியில் கச்சான் போடுபவர்கள் இதை அப்படியே செய்யலாம். சோளம் காய்ந்ததா என்று பார்க்க ஈரப்பதமானி இல்லாவிட்டால், உலர்ந்த போத்தலில் ஒரு பிடி சோளமும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். இன்னும் வெயில் வேண்டும். ஒட்டாவிட்டாலும் இன்னொரு நாள் காயவைப்பது நல்லது, ஏனெனில் பாதுகாப்பான அளவு 13 வீதம். கழித்த கச்சானைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள், பாலிலும் நஞ்சு வரும்.

லயனில் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் கடையில் வாங்குகிறார்கள். சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்பைப் பொறுக்கி எறியலாம், கொஞ்சமாக வாங்கிச் சீக்கிரம் முடிக்கலாம். மாவாக வருவதில் பொறுக்க எதுவும் இல்லை. அங்கே பரிசோதனை, மொனராகலையில் விவசாயியிடம் சோளம் கொள்வனவாகும் தராசடியிலேயே நடக்க வேண்டும், ஈரச் சோளத்தைத் திருப்பி அனுப்பாமல் உலர்த்திக் கொடுக்கும் வசதியோடு.