நகைக்கடனின் உண்மையான வட்டி

மாதம் 1 சதவீத வட்டி என்றதும், ஆண்டுக்கு 12 என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. நகையை அடகு வைப்பவர் உண்மையில் கொடுப்பது அதைவிட அதிகம்.

ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்குச் செயலாக்கக் கட்டணம் 1 சதவீதம் என்று கொள்வோம். 1,000 ரூபாய் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 180 ரூபாய். இரண்டையும் முதலிலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 98,820 ரூபாய்தான். வட்டியோ முழு லட்சத்துக்கும்! மாதாமாதம் 1,000 ரூபாய் வட்டி கட்டி, ஓராண்டு முடிவில் அசலைத் திருப்பினால், கைக்கு வந்த தொகைக்கு மாத வட்டி சுமார் 1.106 சதவீதம். கூட்டு வட்டியாக, ஆண்டுக்கு 14.1 சதவீதம்.

சீக்கிரம் மீட்பவருக்குத்தான் அடி பலம். மூன்றே மாதத்தில் மீட்டாலும் அந்த 1,180 ரூபாய் திரும்பி வராது. குறுகிய காலத்தில் அது முழுவதும் விழுவதால், ஆண்டு விகிதம் 18.2 சதவீதமாகிறது.

கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைப் புதிய சில்லறைக் கடன்களுக்கு எழுத்தில் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அந்த விகிதம் முழுக் கடன் காலத்துக்கான கணக்கு. 3 மாதத்தில், 6 மாதத்தில் மீட்டால் எவ்வளவு என்பதையும் அதே தாளில் அச்சிடச் செய்ய வேண்டும்.