6.5 சதவீதம் என்னும் மாயத் துறைமுகம்

இந்திய வட்டி விகிதங்களைப் பற்றி எழுதப்படும் ஆய்வறிக்கைகளிலும் காப்பீட்டு, ஓய்வூதிய நிதிகளின் மதிப்பீட்டுக் குறிப்புகளிலும் ஒரு வாக்கியம் அலுக்காமல் திரும்ப வருகிறது: "மாதிரியின்படி, குறுகியகால வட்டி நீண்டகாலத்தில் 6.5 சதவீதத்துக்குத் திரும்பும்." எண் அறிக்கைக்கு அறிக்கை சற்றே மாறலாம், தொனி மாறுவதில்லை. கரையில் நிலையாக ஒரு துறைமுகம் இருப்பது போலவும், அலைக்கழிந்த கப்பல் எப்படியும் அங்கே வந்து சேரும் என்பது போலவும் அது எழுதப்படுகிறது. அந்தத் துறைமுகம் இருக்கும் இடம் எவருக்கும் சரியாகத் தெரியாது என்பதே உண்மை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது கணிதத்தின் குற்றமன்று. கணிதத்தைப் பாதி படித்து நிறுத்தியவர்களின் குற்றம்.

மாதிரி எளியது. 1977-இல் ஓல்ட்ரிச் வாசிச்செக் முன்வைத்த வடிவில் அது இவ்வாறு எழுதப்படும்: dr = a(b − r)dt + σ dW. இதில் r என்பது குறுகியகால வட்டி. B நீண்டகால நிலை. A அந்நிலையை நோக்கி வட்டி இழுக்கப்படும் வேகம். Σ ஓராண்டில் ஏற்படும் தற்செயல் அசைவின் அளவு. இன்றைய வட்டி r₀ எனில், t ஆண்டுகளுக்குப் பின் எதிர்பார்க்கப்படும் வட்டி b + (r₀ − b)e^(−at). அதாவது, இன்றைய வட்டிக்கும் நீண்டகால நிலைக்கும் உள்ள இடைவெளி படிப்படியாகத் தேய்கிறது. அவ்விடைவெளி பாதியாகக் குறைய ஆகும் காலம், 0.693-ஐ a-ஆல் வகுத்தால் கிடைக்கும்.

அண்மைக்கால வரலாற்றில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதமாகக் குறைத்தது. எடுத்துக்காட்டுக்காக b = 6.5 சதவீதம், a = 0.3, σ = 1 சதவீதப் புள்ளி எனக் கொள்வோம். தொடக்க இடைவெளி 2.5 புள்ளிகள், அது பாதியாக 2.3 ஆண்டுகள் ஆகும். ஓராண்டில் 4.65, ஈராண்டில் 5.13, ஐந்தாண்டில் 5.94 என எதிர்பார்ப்புப் பாதை மெல்ல வளைந்து ஏறுகிறது. நடந்தது என்ன? ஈராண்டுக் காலம் ரெப்போ அசையவே இல்லை. 2022 மே மாதம்தான் 4.40 ஆனது, அதன்பின் ஒன்பதே மாதங்களில், 2023 பிப்ரவரியில், 6.50-ஐத் தொட்டது. அந்த மாதத்துக்கு மாதிரி காட்டிய பாதையின் உயரம் 5.40 மட்டுமே.

இதைக் காட்டி மாதிரி பொய்த்துவிட்டது என்று கொக்கரிப்போரும் உண்டு. அவர்களும் தவறுகிறார்கள். இதே எண்களின்படி, ஈராண்டுத் தொலைவில் அப்பாதையைச் சுற்றியுள்ள திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.08 புள்ளிகள், 2023 பிப்ரவரியில் 1.16 புள்ளிகள். நடந்தவை இரண்டும் அந்த எல்லைக்குள்தான் விழுகின்றன. (ரெப்போ என்பதே சந்தையின் குறுகியகால வட்டி அன்று, 2020-21இல் வங்கிகளிடம் பணம் தேங்கிக் கிடந்தபோது ஓரிரவு வட்டி 3.35 சதவீத ரிவர்ஸ் ரெப்போவை ஒட்டிக் கிடந்தது. அது தனி வழக்கு.) எதிர்பார்ப்புப் பாதை என்பது நடக்கக்கூடிய ஆயிரம் பாதைகளின் சராசரி. அதன் வழியே எந்த நாட்டின் வட்டியும் நடந்து செல்வதில்லை. பட்டையைக் காட்டாமல் நடுக்கோட்டை மட்டும் வரைந்து காட்டுபவர் தம் அறிவின் எல்லையை மறைக்கிறார்.

ஆனால் உண்மையான வழக்கு அந்தப் பட்டையைப் பற்றியதும் அன்று. அந்தப் பட்டை, a, b, σ மூன்றும் ஐயமறத் தெரியும் என்ற அனுமானத்தில் வரையப்பட்டது. b எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் கட்டடம் ஆட்டம் காண்கிறது.

பழைய வட்டித் தரவுகளிலிருந்து b-ஐ மதிப்பிட்டால், a தெரிந்ததாகவே கொண்டாலும், அம்மதிப்பீட்டின் திட்டப்பிழை σ/(a√T). இங்கே T என்பது ஆண்டுகளின் எண்ணிக்கை. தரவுப் புள்ளிகளின் எண்ணிக்கை அன்று. இவ்வொரு வேறுபாட்டை மறந்ததுதான் எல்லாப் பிழைக்கும் வேர். பத்தாண்டுத் தரவு, a = 0.3, σ = 1 எனில் திட்டப்பிழை 1.05 புள்ளிகள். 6.5 சதவீதம் என்று துணிந்து அச்சிடப்பட்ட எண்ணின் உண்மையான பொருள், 4.4-க்கும் 8.6-க்கும் இடையில் எங்கோ என்பதே. இந்த வீச்சுக்குள் ரிசர்வ் வங்கியின் 2020 வட்டியைத் தவிர, அண்மைப் பதினைந்து ஆண்டுகளின் பெரும்பாலான நிலைகள் அடங்கிவிடும். அப்படியானால் அந்த எண் சொன்னது என்ன?

இதற்கு வழக்கமாக வரும் பதில்: "நாங்கள் மாதத் தரவை விட்டுத் தினசரித் தரவுக்கு மாறிவிட்டோம், இப்போது 2,500 புள்ளிகள் உள்ளன." பத்தாண்டு மழையை நாளுக்கு ஒரு முறை அளந்தாலும் மணிக்கு ஒரு முறை அளந்தாலும், கண்டது பத்துப் பருவமழைகளைத்தான். தினசரித் தரவு σ-வை மிகத் துல்லியமாக்கும். B-யைச் சிறிதும் துல்லியமாக்காது. வட்டி தன் நிலையை விட்டு விலகித் திரும்பும் பயணங்கள் எத்தனை நிகழ்ந்தன என்பதுதான் b-யைப் பற்றிய அறிவு; பத்தாண்டில் அவை ஓரிரண்டே. திட்டப்பிழையை 0.25 புள்ளியாக, அதாவது ரிசர்வ் வங்கி வழக்கமாக ஒருமுறை நகர்த்தும் அளவாகக் குறைக்க வேண்டுமானால் எத்தனை ஆண்டுத் தரவு தேவை? அதே சூத்திரம் விடை தருகிறது: ஏறத்தாழ 178 ஆண்டுகள். ரிசர்வ் வங்கிக்கே இன்னும் நூறு வயது ஆகவில்லை.

இதுவரை a தெரியும் என்று கொண்டோம். அதுவும் தெரியாது என்பதோடு, அதன் மதிப்பீடு ஒரு பக்கமாகவே சாய்ந்தும் வருகிறது. குறுகிய தரவுத் தொடரில், தொடரின் சராசரியையும் அதே தரவிலிருந்து கணிக்கும்போது, வட்டி உண்மையில் திரும்புவதைவிட வேகமாகத் திரும்புவதாகவே கணக்கு காட்டும். ஏனெனில் அலைந்து திரிந்த எந்தத் தொடரும் தன் சொந்தச் சராசரியைச் சுற்றியே அலைந்ததாகப் பின்னோக்கில் தோன்றும். பீட்டர் பிலிப்ஸ், ஜுன் யூ ஆகியோர் 2005-இல் கடன்பத்திர விருப்ப ஒப்பந்தங்களின் விலைபற்றி எழுதிய கட்டுரை இந்தச் சாய்வை மையமாகக் கொண்டது. அதன் தோராய அளவு, நான்கை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. பத்தாண்டுத் தரவில் அது 0.4. உண்மையான வேகம் 0.1 எனில், மதிப்பீடு சராசரியாக 0.5-ஐ ஒட்டி வரும். இடைவெளி பாதியாகத் தேய ஏழாண்டு எடுக்கும் ஒரு வட்டி, ஒன்றரை ஆண்டுக்குள் தேய்வதாக அறிக்கையில் ஏறிவிடும்.

இதை நம்ப எவருடைய சொல்லும் தேவையில்லை. a = 0.1 என்று தாமே நிர்ணயித்து, பத்தாண்டு மாதத் தொடர்களைக் கணினியில் ஆயிரம் முறை உருவாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் a-வை மீண்டும் மதிப்பிட்டுச் சராசரி எடுத்தால் போதும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் வெளிவரும் அறிக்கைகளே மிகுதி. இச்சாய்வு b-யின் பிழையையும் மறைக்கிறது என்பதுதான் இன்னும் கொடியது: σ/(a√T) என்பதில் a ஊதிப் பெருகியிருந்தால், திட்டப்பிழை சுருங்கிக் காட்சி தரும். ஒரு பிழை இன்னொரு பிழைக்குப் பொய்ச்சாட்சி சொல்கிறது.

இந்த இக்கட்டிலிருந்து தப்ப, சிலர் b-யைப் பழைய வட்டியிலிருந்து எடுக்காமல் அரசுக் கடன்பத்திரங்களின் வருவாய் வளைகோட்டிலிருந்து எடுக்கிறார்கள். அங்கே கிடைப்பது வேறொரு பண்டம். நீண்டகாலப் பத்திரத்தை வைத்திருக்கும் இடருக்காகச் சந்தை கேட்கும் கூலியும் அதில் கலந்திருக்கிறது. 2020-இன் பிற்பாதியில் ரெப்போ 4 சதவீதமாக இருக்கையில் 10 ஆண்டுப் பத்திரத்தின் வருவாய் 6 சதவீதத்தை ஒட்டி நின்றது. அந்த இடைவெளியில் எவ்வளவு வட்டி உயரும் என்ற எதிர்பார்ப்பு, எவ்வளவு இடருக்கான கூலி என்பதை வளைகோடு தானாகப் பிரித்துச் சொல்லாது. பத்திரத்துக்கு விலை போட அந்த b பொருத்தமானது; "வட்டி எங்கே போகும்" என்ற கேள்விக்கு அதை விடையாக நீட்டுவது ஆள்மாறாட்டம்.

இன்னொரு தரப்பு, தரவே வேண்டாம், சட்டம் இருக்கிறது என்கிறது. 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, பணவீக்கத்துக்கு 4 சதவீத இலக்கு வைக்கப்பட்டது. அதனுடன் இயல்பான உண்மை வட்டியைக் கூட்டினால் b கிடைத்துவிடும் என்பது வாதம். இவ்வாதம் மற்றவற்றைவிட நேர்மையானது. ஆனால் அந்த இயல்பு வட்டியும் மதிப்பிடப்படுவதே. ரிசர்வ் வங்கி ஆய்வாளர்களின் கணிப்பில் அது 2021-22இன் மூன்றாம் காலாண்டுக்கு 0.8 முதல் 1.0 சதவீதம், 2023-24இன் நான்காம் காலாண்டுக்கு 1.4 முதல் 1.9 சதவீதம். கூட்டிப் பார்த்தால், 5-ஐ எட்டாமலோ தொட்டோ நின்ற நீண்டகால நிலை, ஈராண்டுச் சொச்சத்தில் 5.4-க்கும் 5.9-க்கும் இடையே நகர்ந்துவிட்டது. துறைமுகமே மிதக்கிறது. b மாறிலி என்ற மாதிரியின் முதல் வரிக்கே இது முரண்.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று ஒதுக்குவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். வாழ்நாள் ஓய்வூதியம் தருவதாக வாக்களித்த ஒரு நிறுவனம், முப்பது ஆண்டுகள் கழித்து 100 கோடி ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது. நீண்டகால வட்டி 6.5 சதவீதம் என்று நம்பினால், இன்று 15.1 கோடியை ஒதுக்கினால் போதும். அது 5.5 சதவீதமாக இருந்தால் 20.1 கோடி வேண்டும். ஒரு புள்ளி வேறுபாட்டில், ஒதுக்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பற்றாக்குறை. அந்த ஒரு புள்ளி, மேலே கண்ட திட்டப்பிழையின் அளவே. மிகச் சாதாரணமாக நிகழக்கூடியது. அதன் விலையைக் கொடுப்பவர் அறிக்கை எழுதியவர் அல்லர். எழுபது வயதில் மாதத் தொகையை எதிர்பார்த்திருப்பவர்.

மாதிரியைத் தூக்கி எறிய வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. வட்டி கட்டற்று அலையாது என்ற அதன் உள்ளுணர்வு சரியானதே. கேட்கப்படுவது மூன்றே. b-யை அச்சிடும் இடத்திலேயே அதன் திட்டப்பிழையையும், எத்தனை ஆண்டுத் தரவு என்பதையும் அச்சிடுக. a-வின் சாய்வைத் திருத்தி, திருத்துமுன் எண்ணையும் பின் எண்ணையும் அருகருகே வைக்க. b ஒரு புள்ளி கீழே இருந்தால் இறுதித் தொகை என்னவாகும் என்பதை முதல் பக்கத்தில் சொல்க. இம்மூன்றும் இல்லாத அறிக்கையில் "நீண்டகாலத்தில் திரும்பும்" என்ற சொற்றொடர் கணிப்பு அன்று, நம்பிக்கை. நம்பிக்கை வைத்திருக்க எவருக்கும் உரிமை உண்டு. அதைப் பிறருடைய முதுமைக்குப் பிணையாக வைக்க உரிமை இல்லை.